கோலப் பாடத்துக்குத் தலைப்பும் குறிப்பும் எழுதுவது எப்படி? 19 புள்ளிக் கோலம் ஒன்றை வைத்து ஒரு வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கோலத்தைப் படிப்படியாக வரைந்து, படம் எடுத்து, "7-1 அழகான கோலம்" என்று தலைப்புப் போட்டு உறவுக்காரப் பெண்களுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு சித்தி போன் செய்தார். "ஏண்டி, நான் வெச்சதுல 49 புள்ளி வந்திருக்கு. உன் படத்துல பாதிதானே இருக்கு?"

தப்பு அவர் மேல் இல்லை. நான் வரைந்தது நேர்ப்புள்ளி. நடுவில் 7, அதன் இரண்டு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. அவர் அதை இடுக்குப் புள்ளி என்று எடுத்துக்கொண்டார். நடுவில் 7, இரண்டு பக்கமும் 6, 5, 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டே போனால் 49 வரும். "7-1" என்ற குறிப்பு இரண்டுக்கும் பொருந்தும். "அழகான" என்ற சொல் அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அன்றிலிருந்து தலைப்பையும் குறிப்பையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துகிறேன்: படத்தைப் பார்க்காமல், எழுத்தை மட்டும் படித்து ஒருவர் சரியாகப் புள்ளி வைத்துவிட முடியுமா? முடியும் என்றால் மீதியைப் படம் பார்த்துக்கொள்ளும். கோலப் பாடம் எழுதத் தொடங்குகிறவர்களுக்காக, 19 புள்ளியில் வரும் சிறிய நட்சத்திரக் கோலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தலைப்பிலிருந்து நேரக் கணக்கு வரை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் கோலம்

எழுதுவதற்கு முன் நீங்களே ஒரு முறை தரையில் போட்டுப் பாருங்கள். நோட்டில் போட்டது போதாது. நோட்டில் வரும் அளவும் நேரமும் வாசலில் வராது.

இது 5 புள்ளி, 3 வரை, இடுக்குப் புள்ளி. நடுவில் 5 புள்ளி ஒரு வரிசை. அதற்கு மேலும் கீழும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடுக்குக்கு நேராக 4 புள்ளி. அதற்கும் வெளியே 3 புள்ளி. ஆக 3-4-5-4-3, மொத்தம் 19.

இனிக் கோடு. மேலே உள்ள 3 புள்ளி வரிசையின் நடுப்புள்ளியில் தொடங்கி, கீழே உள்ள 4 புள்ளி வரிசையின் இரண்டு கடைசிப் புள்ளிகளுக்கும் சாய்கோடு இழுக்க வேண்டும். ஒவ்வொரு சாய்கோடும் வழியில் இரண்டு புள்ளிகள் மேல் போகும். அந்தக் கீழ் 4 புள்ளி வரிசையை ஒரே கோடாக இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் முடிந்தது. அதையே தலைகீழாக, கீழே உள்ள 3 புள்ளியின் நடுவிலிருந்து மேல் 4 புள்ளி வரிசைக்குப் போட்டால் ஆறு முனை நட்சத்திரம் வந்துவிடும். இப்போது ஆறு ஓரப் புள்ளிகள் மட்டும் தொடாமல் நிற்கும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் உள்ள இரண்டு நட்சத்திர முனைகளோடு லேசான வளைவாகச் சேர்த்தால் ஆறு இதழ். நடுப்புள்ளி அப்படியே இருக்கும். அதன் மேல் ஒரு சின்னப் பூ போடலாம், கார்த்திகையில் அகல் விளக்கு வைக்கலாம்.

கோலம் கையில் வந்துவிட்டது. இனி எழுத்து.

தலைப்பு

தலைப்பில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: புள்ளிக் கணக்கு, புள்ளி வகை, என்ன உருவம். நம் கோலத்துக்கு இப்படி:

"5 புள்ளி 3 வரை இடுக்குப் புள்ளி: ஆறிதழ் நட்சத்திரக் கோலம்"

புள்ளிக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கோலம் தேடுகிறவர் பெரும்பாலும் உருவத்தை வைத்துத் தேடுவதில்லை. அவர் வீட்டு வாசல் எவ்வளவு பெரியது, இன்று காலை எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் தேடுகிறார். "5 புள்ளி" என்று பார்த்ததுமே இது சின்ன வாசலுக்கானது, சட்டென்று முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். 15-8 என்று பார்த்தால் அது பொங்கலன்றைக்கு, கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று தெரியும். அதில் 169 புள்ளி.

வகையைச் சொல்வதில் ஒரு சிக்கல், ஊருக்கு ஊர் பெயர் மாறும். இடுக்குப் புள்ளி என்று நான் சொல்வதைச் சிலர் ஊடுபுள்ளி என்பார்கள், சிலர் சந்துப் புள்ளி, இன்னும் சிலர் இடைப்புள்ளி. தலைப்பில் உங்களுக்குப் பழகிய ஒன்றை மட்டும் வையுங்கள். குறிப்பின் முதல் வரியில் மற்றப் பெயர்களையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அப்போது எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும், படிக்கிறவருக்கும் குழப்பம் இருக்காது.

உருவப் பெயரில் உண்மையாக இருங்கள். ஆறு இதழ் இருந்தால் ஆறிதழ். மயில் என்று எழுதிவிட்டுப் பார்த்தால் வாத்து மாதிரி இருக்கும் கோலங்கள் நிறைய உண்டு, நானும் போட்டிருக்கிறேன். கரும்போ பானையோ இல்லாத கோலத்தைப் "பொங்கல் கோலம்" என்பதும் அந்த வகைதான்.

சிக்குக் கோலமாக இருந்தால் தலைப்பில் இன்னொன்று சேரும்: ஒரே இழையா, பல இழையா. "ஒரே கோட்டில் முடியும்" என்று எழுதுவதற்கு முன் விரலை ஓர் இடத்தில் வைத்துக் கோட்டோடு போய்ப் பாருங்கள். வெட்டும் இடங்களில் திரும்பாமல் நேராகவே போக வேண்டும். தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது விரல் படாத கோடு மிச்சம் இருந்தால் அது ஒரே இழை இல்லை. 5-க்கு 5 சதுரமாக 25 புள்ளி வைத்து எல்லா இடுக்கிலும் கோடு வெட்டிக்கொள்ளும்படி போட்டால், பார்க்க ஒரே கோடு போலத்தான் இருக்கும். உண்மையில் தனித்தனியாக ஐந்து இழை.

குறிப்பு: புள்ளியும் அளவும்

குறிப்பின் முதல் வேலை, தலைப்பில் சுருக்கிச் சொன்ன புள்ளியை விரித்துச் சொல்வது. இதற்கு நான் கண்ட மிகப் பாதுகாப்பான வழி, எல்லா வரிசையையும் அப்படியே எழுதிவிடுவது: "3-4-5-4-3, மொத்தம் 19 புள்ளி". சித்திக்கு நான் "1-3-5-7-5-3-1, மொத்தம் 25" என்று எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. மொத்தத்தைச் சொல்வது படிக்கிறவருக்குச் சரிபார்க்கும் வழி. கோடு இழுக்கும் முன் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து அளவு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கோலம் போடுகிறவருக்கோ இதுதான் முதலில் வேண்டும். கணக்கு சுலபம். புள்ளிகளை எண்ணாமல் இடைவெளிகளை எண்ண வேண்டும். 5 புள்ளிக்கு 4 இடைவெளி. நான்கு விரல் அகலம், அதாவது ஏறக்குறைய 3 அங்குலம் விட்டுப் புள்ளி வைத்தால் 12 அங்குலம், ஒரு அடி. இதழின் வளைவு கொஞ்சம் வெளியே தள்ளும் என்பதால் ஒன்றே கால் அடிச் சதுர இடம் இருந்தால் போதும் என்று எழுதலாம். இதே கணக்கில் 15-8 கோலத்துக்கு 14 இடைவெளி, 42 அங்குலம், மூன்றரை அடி. அடுக்குமாடி வீட்டு வாசலில் எதிர்வீட்டுக் கதவு வரை போய்விடும்.

இடுக்குப் புள்ளியில் இன்னொரு வரியும் எழுத வேண்டும். பக்கத்துப் புள்ளிக்கு 3 அங்குலம் விட்டால், அடுத்த வரிசையை 3 அங்குலம் தள்ளி வைக்கக்கூடாது. கொஞ்சம் நெருக்கி, இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். அப்போதுதான் அருகருகே உள்ள மூன்று புள்ளிகளும் சமமான முக்கோணமாக நிற்கும். புதியவர்கள் வரிசைக்கும் அதே 3 அங்குலம் விடுவார்கள். நட்சத்திரம் நெட்டையாகிப் போகும், கோட்டில் என்ன தப்பு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். தப்பு புள்ளியில் இருக்கிறது. "வரிசைகளை அரை விரல்கடை போல நெருக்கி வையுங்கள்" என்று எழுதினால் அந்தத் தேடல் மிச்சம்.

பொருட்கள்

"தேவையான பொருட்கள்: கோலமாவு" என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். எந்த மாவு என்று சொல்லுங்கள். கடையில் விற்கும் வெள்ளைக்கல் மாவு கொஞ்சம் நறநறவென்று ரவை போல இருக்கும், விரலிடுக்கிலிருந்து ஒரே சீராக இறங்கும். அரிசி மாவு மிருதுவானது. எறும்புக்கும் குருவிக்கும் ஆகும் என்று போடுகிறோம், ஆனால் தனியாகப் போட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழும், மழைக்காலத்தில் இன்னும் மோசம். அதனால் புதியவர்களுக்கான பாடத்தில் கல்மாவு என்றோ, பாதிக்குப் பாதி கலந்தது என்றோ தெளிவாக எழுதுவது நல்லது.

ஈரமாவில் போடும் மாக்கோலம் என்றால் பட்டியலே வேறு. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். சிறிய துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் பிடித்து, லேசாக அழுத்தினால் மோதிர விரல் நுனி வழியாக மாவு இறங்கும். இந்தக் குறிப்பில் "போடும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும்" என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். அது தெரியாத பிள்ளைகள் கோடு தெரியவில்லையே என்று அதன் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்து, காய்ந்ததும் தடிமனாகப் பார்த்துத் திகைப்பார்கள்.

எவ்வளவு மாவு என்பதை ஊகிக்க வேண்டாம். ஒரு டம்ளரில் அளந்து எடுத்துக்கொண்டு போடுங்கள், முடிந்ததும் மீதியைப் பாருங்கள். நம் நட்சத்திரக் கோலத்தில் இரண்டு முக்கோணத்துக்கு நாலரை அடியும், இதழ்களுக்கு மூன்றடிக்குச் சற்று மேலும், ஆக ஏறக்குறைய 8 அடி நீளத்துக்குக் கோடு வருகிறது. கை பழகியவருக்கு ஒரு கைப்பிடி மாவு போதும். புதியவர் கோடு தடியாக விழும், அழித்தும் போடுவார். அவருக்கு இரண்டு கைப்பிடி என்று எழுதுங்கள்.

தரையும் பொருளில் சேர்ந்ததுதான். சாணம் தெளித்த மண் வாசலிலும் சிமெண்டுத் தரையிலும், தண்ணீர் தெளித்துப் பெருக்கியபின் லேசான ஈரம் இருக்கும்போது மாவு நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் தேங்கியிருந்தால் கோடு கரைந்து பரவும். வழவழப்பான டைல்ஸில் உலர்ந்த மாவு நிற்காது, காற்றில் நகர்ந்துவிடும். நீங்கள் எந்தத் தரையில் போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வண்ணம் இருந்தால் எத்தனை நிறம், எந்த இடத்துக்கு எது என்று சொன்னால் போதும். இங்கே நடு அறுகோணம், ஆறு முனைகள், ஆறு இதழ்கள் என்று மூன்றே வகை இடம். ஆகவே மூன்று கலர்ப்பொடி.

கடினமா, எளிதா?

புள்ளி குறைவாக இருந்தால் எளிது, கூடினால் கடினம் என்று நினைத்துத்தான் பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1-3-5-3-1 என்று 13 புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலம், 61 புள்ளி வைத்துப் போடும் பூக்கோலத்தை விடப் புதியவரை அதிகம் திணறவைக்கும். பூக்கோலத்தில் புள்ளியிலிருந்து புள்ளிக்குத்தான் கோடு போகிறது. ஓர் இதழ் கோணலாக விழுந்தால் அந்த இதழ் மட்டும் கோணல். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து போக வேண்டும். ஓரிடத்தில் வளைய வேண்டியதை நேராக விட்டுவிட்டால் கோடு வேறெங்கோ போய்ச் சேரும், எங்கே தவறியது என்றும் தெரியாது.

ஆகவே "எளிது" என்று மட்டும் போடாமல், எந்த வேலை கைக்கு வந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். நம் கோலத்துக்கு: "எளிது. ஒரு முழம் நீளத்துக்குள் நேர்க்கோடு இழுக்கத் தெரிந்தால் போதும். சிக்கு இல்லை. நான்கு புள்ளிகளை ஒரே மூச்சில் இணைக்கும் சாய்கோடுதான் கொஞ்சம் சிரமம்." இந்தக் கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். எளிய கோலத்திலும் கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதை முன்பே சொல்லிவிட்டால் அங்கே வந்ததும் மெதுவாகப் போவார்கள். இந்தக் கோலத்தில் அந்தச் சாய்கோட்டை இடையில் நிறுத்தி நிறுத்தி இழுத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முடிச்சு விழும்.

நேரம்

வேகமாக ஓடும் வீடியோவின் நீளத்தை "3 நிமிடக் கோலம்" என்று போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அந்த மூன்று நிமிடத்தில் புள்ளி வைத்ததே பாதி வெட்டப்பட்டிருக்கும்.

நேரத்தைப் பிரித்துச் சொல்லுங்கள்: புள்ளிக்கு எவ்வளவு, கோட்டுக்கு எவ்வளவு, வண்ணத்துக்கு எவ்வளவு. காலையில் அவசரத்தில் இருக்கிறவர் வண்ணத்தை விட்டுவிட்டுப் போடலாமா என்று அப்போதுதான் முடிவு செய்ய முடியும். வாசல் தெளித்துப் பெருக்கும் நேரத்தை இதில் சேர்க்க வேண்டாம், அது எந்தக் கோலத்துக்கும் பொது. மாக்கோலத்தில் அரிசி ஊறும் நேரத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஐந்து மணிக்கு எழுந்து உங்கள் குறிப்பைத் திறப்பவர் ஏமாந்துபோவார்.

உங்கள் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். இந்த நட்சத்திரத்தை வண்ணமில்லாமல் போட எனக்கு ஆறு நிமிடம். அக்கா மகளுக்கு, கல்லூரியில் படிக்கிறாள், அதுவரை வாசலில் கோலமே போட்டதில்லை, 20 நிமிடம் ஆனது. அதில் எட்டு நிமிடம் புள்ளிக்கே போனது. இரண்டையும் எழுதினேன். ஒரு புதிய ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் நேரத்தை மூன்றால் பெருக்கிப் போடுங்கள், பெரும்பாலும் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

எல்லாம் சேர்ந்தால்

இதுவரை சொன்னதைக் கோத்தால் நம் கோலத்தின் குறிப்பு இப்படி வரும்:

"5 புள்ளி 3 வரை இடுக்குப் புள்ளி: ஆறிதழ் நட்சத்திரக் கோலம்

இடுக்குப் புள்ளியில் (ஊடுபுள்ளி, சந்துப் புள்ளி என்றும் சொல்வார்கள்) போடும் சிறிய கோலம். வரிசைகள் 3-4-5-4-3, மொத்தம் 19 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் இடைவெளி விட்டால் ஒன்றே கால் அடி இடம் போதும். வரிசைக்கு வரிசை அரை விரல்கடை நெருக்கி வையுங்கள்.

பொருட்கள்: கல்மாவு இரண்டு கைப்பிடி. விரும்பினால் கலர்ப்பொடி மூன்று நிறம். லேசான ஈரம் உள்ள சிமெண்டுத் தரையில் போட்டது.

நிலை: எளிது. சிக்கு இல்லை. நான்கு புள்ளிகளை இணைக்கும் சாய்கோட்டை நிறுத்தாமல் இழுக்க வேண்டும்.

நேரம்: பழகியவருக்கு 6 நிமிடம், முதல் தடவை போடுகிறவருக்கு 20. வண்ணத்துக்கு மேலும் 10 நிமிடம்."

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. கோலத்தின் பெருமை, விஞ்ஞானம், பாட்டி சொன்ன கதை எல்லாம் எழுத ஆசைதான், அவற்றைக் குறிப்பின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாவைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறவர் அதைத் தாண்டிப் போய்ப் புள்ளிக் கணக்கைத் தேடக்கூடாது.

அனுப்பும் முன்

எழுதியதைப் படம் இல்லாமல் ஒருவரிடம் கொடுத்துப் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அக்கா மகளிடம் கொடுத்தபோது புள்ளி சரியாக வந்தது. கோட்டுக்கான படிகளில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "மேல் வரிசைன்னு எழுதியிருக்கீங்க சித்தி, எது மேலே? வீட்டுப் பக்கமா, தெருப் பக்கமா?"

நோட்டில் மேல் கீழ் உண்டு, தரையில் கிடையாது. நட்சத்திரக் கோலம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான், அதனால் இங்கே பெரிய கேடு இல்லை. குத்துவிளக்கோ பானையோ போட்டிருந்தால் வீட்டுக்கு வருகிறவருக்குத் தலைகீழாகத் தெரிந்திருக்கும். "மேல்" என்று வந்த எல்லா இடத்திலும் "வாசற்படிப் பக்கம்" என்றும், "கீழ்" என்று வந்த இடத்தில் "தெருப் பக்கம்" என்றும் திருத்தினேன். படத்தையும் தெருவில் நின்று வீட்டைப் பார்த்தபடி மறுபடி எடுத்தேன்.